பின்வாசலில் கற்ற வியாபாரம்

ஒவ்வொரு ஹோட்டலுக்கும் இரண்டு வாசல்கள் உண்டு. முன்வாசல் வழியாக நாம் போகிறோம். மேஜை துடைத்திருக்கிறதா, சாம்பார் சூடாயிருக்கிறதா என்று பார்க்கிறோம். பில்லைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். பின்வாசல் வழியாகப் பால்காரர், காய்கறிக்காரர், மாவு மில் ஆள், காகிதப்பை விற்கும் கம்பெனியின் பிரதிநிதி ஆகியோர் போகிறார்கள். இவர்களுக்கு அங்கே கிடைப்பது பெரும்பாலும் காத்திருப்பும் மனக் கசப்பும்தான். "முதலாளி இல்லை, நாளைக்கு வாருங்கள்" என்பார்கள். போன மாதத்துப் பாக்கி நிற்கும்போதே இந்த மாதத்துச் சரக்கை இறக்கச் சொல்வார்கள். ஐந்து கிலோ வேண்டுமென்று அவசரமாக வரவழைத்து, இரண்டு கிலோ போதும் என்று திருப்பி அனுப்புவார்கள்.

இந்தக் கசப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி மக்களிடம் கொட்டித் தீர்ப்பவர்கள் பலர். அதையே மூலதனமாக்கிக்கொண்டவர்கள் சிலர். அப்படிப்பட்ட ஒருவரின் கதையை இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் அமெரிக்காவைச் சேர்ந்த ரே கிராக். அவர் பெயரை அறியாதவர்களும் அவர் பரப்பிய 'மெக்டொனால்ட்ஸ்' என்ற பெயரை அறிவார்கள். அவர் விற்ற பண்டம் வட்ட ரொட்டிக்கு நடுவே மாமிச வில்லையை வைத்துத் தரும் பர்கர். நம் நேயர்களில் பலர் அதைத் தொடமாட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். பண்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அந்தக் கடை அமைக்கப்பட்ட விதத்தை மட்டும் பார்ப்போம்.

கிராக் 1902-ல் பிறந்தவர். இருபது வயதில் காகிதக் கிண்ணம் விற்கும் கம்பெனியில் விற்பனையாளராகச் சேர்ந்தார். கடை கடையாக ஏறி இறங்கினார். கண்ணாடித் தம்ளரைக் கழுவி மறுபடி வைக்கலாமே, காகிதக் கிண்ணத்துக்கு எதற்குக் காசு என்பதுதான் எல்லாக் கடைக்காரர்களின் கேள்வி. சிக்காகோவில் பெரிய மருந்துக்கடைத் தொகுதி ஒன்று இருந்தது. அந்நாளில் அமெரிக்க மருந்துக்கடைகளில் பானங்களும் சிற்றுண்டியும் விற்பது வழக்கம். மத்தியான வேளையில் ஆசனங்கள் நிறைந்து ஜனங்கள் பின்னால் நிற்பதைக் கிராக் கவனித்தார். மூடி போட்ட காகிதக் கிண்ணத்தில் பானத்தைக் கையில் கொடுத்தனுப்பினால், ஓர் ஆசனம்கூடச் சேர்க்காமல் விற்பனையைப் பெருக்கலாம் என்று சொன்னார். கொள்முதல் அதிகாரி ஒப்புக்கொள்ளவில்லை. பரீட்சைக்கு வேண்டிய கிண்ணங்களை ஒரு மாதத்துக்கு இலவசமாகத் தருகிறேன் என்றார் கிராக். பரீட்சை பலித்தது, கம்பெனி நிரந்தர வாடிக்கையாகிவிட்டது. சரக்குக் கொடுப்பவனின் கண்ணுக்கு, கடைக்குள் இருப்பவனுக்குத் தெரியாதது தெரியும் என்ற பாடம் அப்போதே அவருக்குக் கிடைத்துவிட்டது.

பிறகு 1939 வாக்கில் அவர் சொந்தமாக ஒரு யந்திரத்தை விற்கத் தொடங்கினார். ஐந்து தண்டுகள் கொண்ட அந்த யந்திரத்துக்கு 'மல்டிமிக்ஸர்' என்று பெயர். ஐந்து கிண்ணம் பால்பானத்தை ஒரே சமயத்தில் கடைந்து தரும். இதைத் தூக்கிக்கொண்டு அமெரிக்காவின் எண்ணற்ற சிற்றுண்டிச் சாலைகளின் சமையலறைகளுக்குள் அவர் போய்வந்தார். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு வியாபாரம் மெலிந்தது. ஜனங்கள் நகரத்தை விட்டுப் புறநகருக்குக் குடியேற, மூலைக்கடைகளின் பானப் பலகைகள் மூடப்பட்டன; குறைந்த விலையில் போட்டி யந்திரமும் வந்தது. இந்நிலையில், கலிபோர்னியாவில் ஸான் பெர்னார்டினோ என்ற ஊரில் ஒரே கடையில் எட்டு மல்டிமிக்ஸர்கள் ஓடுகின்றன என்று தெரியவந்தது. எட்டு யந்திரமென்றால் ஒரே சமயத்தில் நாற்பது கிண்ணம்! சாதாரணக் கடைக்கு ஒன்று போதும். 1954-ல் கிராக் நேரிலேயே அங்கே போனார்.

அங்கே அவர் செய்த முதற் காரியம் கவனிக்கத்தக்கது. வாழ்நாளெல்லாம் பின்வாசல் வழியாகவே போனவர், அன்று வெளியே நின்று முன்வாசலைப் பார்த்தார். மத்தியானக் கூட்டத்தைக் கவனித்தார். சாப்பிட வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தார். மெக்டொனால்ட் சகோதரர்கள் 1948-லேயே தங்கள் கடையைத் தலைகீழாக மாற்றியிருந்தார்கள். பரிமாறும் பணிப்பெண்கள் கிடையாது. பீங்கான் தட்டு கிடையாது. விற்பது ஒன்பதே பண்டங்கள். வந்தவர் ஜன்னலில் காசு கொடுத்துக் காகிதப்பையில் வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதான். இந்தக் கடையைப் போல் ஊர்தோறும் வைக்கும் உரிமையைச் சகோதரர்களிடம் கிராக் வாங்கிக்கொண்டு, 1955 ஏப்ரலில் சிக்காகோவுக்கு அருகே டெ பிளெயின்ஸ் என்ற இடத்தில் தம் முதற் கடையைத் திறந்தார். அப்போது அவருக்கு வயது 52.

சமையல் முறை சகோதரர்களுடையது. கிராக் சேர்த்தது என்ன? சாமான் வாங்கும் முறையையும், கடை நடத்துபவரோடு கணக்கு வைத்துக்கொள்ளும் முறையையும் அவர் அமைத்தார். இரண்டும் பின்வாசலில் கற்ற பாடங்கள்.

முதலில் சாமானை எடுத்துக்கொள்வோம். அக்காலத்தில் ரொட்டிக்கடைகள் பர்கர் ரொட்டியை நான்கோ ஆறோ ஒன்றோடொன்று ஒட்டிய கொத்தாக அனுப்பின. ரொட்டி பாதிதான் அறுபட்டிருக்கும். கடையிலுள்ள பையன் கொத்தைப் பிரித்து, ஒவ்வொன்றையும் முழுதும் அறுக்கவேண்டும். காகிதப் பெட்டியோ ஒரு தடவையோடு குப்பைக்குப் போகும். கிண்ணம் விற்ற காலத்தில் பெட்டியின் விலையும் அதை ஏற்றி இறக்கும் செலவும் கிராக்குக்கு மனப்பாடம். ஆகவே ரொட்டிக்காரரிடம் அவர் தரப்பார் பேசியபோது, விலையைக் குறை என்று தொடங்கவில்லை. ரொட்டியைத் தனித்தனியாக, முழுதும் அறுத்து அனுப்புங்கள். அளவு பெரிதாக வாங்குகிறோம். திரும்பத் திரும்பப் பயன்படுத்தக் கூடிய உறுதியான பெட்டியில் கொடுங்கள் என்றார்கள். பெட்டிச் செலவும் அனுப்பும் செலவும் ரொட்டிக்காரருக்கு மிச்சமாயின. அவர் தம் லாபத்தில் கை வைக்காமலே விலையைக் குறைக்க முடிந்தது. கடையில் பையனுக்கும் ஒவ்வொரு ரொட்டிக்கும் சில விநாடிகள் மிச்சம்.

மாமிச வில்லை விஷயத்திலும் இதே கண்தான். ஒரு பவுண்டுக்குப் பத்து வில்லை என்று எடை நிர்ணயம் செய்தார்கள். வில்லைகளை அடுக்கும்போது இடையிடையே மெழுகுக் காகிதம் வைத்தார்கள். அடுக்கு மிக உயரமானால் அடியிலிருப்பவை நசுங்கி உருக்கெடும், உலர்ந்தும் போகும். எத்தனை அடுக்கினால் அடிவில்லை கெடாது என்று கண்டுபிடித்து, அந்த உயரத்துக்கே பெட்டி செய்யும்படி மாமிசக் கம்பெனிகளுக்குச் சொன்னார்கள். ஒரு பெட்டியின் உயரத்தில் இவ்வளவு யோசனையா என்று சமையற்காரர் கேட்கலாம். கெட்டுப்போன சரக்கு திரும்பி வந்து பணம் பிடிக்கப்பட்ட அனுபவமுள்ள விற்பனையாளர் கேட்கமாட்டார்.

இவற்றுக்கெல்லாம் அஸ்திவாரம் அந்த ஒன்பது பண்டங்கள்தான். ஒன்பது பண்டம் செய்ய ஒரு கடைக்கு முப்பத்தைந்து அல்லது நாற்பது வகைச் சாமான் போதும். நூறு பண்டம் விற்கும் ஹோட்டல் வாங்கும் அதே அளவு சரக்கை இந்தச் சில வகைகளில் வாங்கும்போது, ஒவ்வொரு வகையிலும் அளவு மிகப் பெரிதாகிவிடுகிறது. வண்டி ஒரு தடவை வந்து நிறைய இறக்கிவிட்டுப் போகிறது. விற்பனையாளர் அடிக்கடி வந்து காத்திருக்க வேண்டியதில்லை. காத்திருப்பின் கூலி எந்தப் பில்லிலும் தனியாக எழுதப்படுவதில்லை. ஆனால் சரக்கின் விலைக்குள் அது ஒளிந்திருக்கிறது. சரக்குக் கொடுப்பவனின் சிரமத்துக்கெல்லாம் கடைசியில் பணம் கட்டுகிறவர் வாங்குபவரே. இதை அறிந்தவர் அந்தச் சிரமத்தை நீக்கி, அதன் விலையைத் தம் பக்கம் கழித்துக்கொள்ளலாம். கிராக்கின் கடையமைப்பின் முதல் ரகசியம் இதுதான்.

இரண்டாவது, கடை நடத்துவோருடன் வைத்துக்கொண்ட கணக்கு. கிராக் தாமே எல்லாக் கடைகளையும் நடத்தவில்லை. பெயரையும் முறையையும் பயன்படுத்தும் உரிமையைப் பிறருக்குக் கொடுத்தார். இப்படி உரிமை கொடுக்கும் கம்பெனிகள் ஐஸ்கிரீம் தொழிலில் முன்பே பல இருந்தன. அவற்றின் கடைகளுக்கு யந்திரம் விற்றவரென்ற முறையில் கிராக் அவற்றை உள்ளிருந்து பார்த்திருந்தார். இரண்டு குறைகள் அவர் கண்ணில் பட்டன. ஒரு பெரிய பிரதேசத்தையே ஒருவருக்கு மொத்தமாக விற்றுவிட்டுத் தலைமை ஸ்தாபனம் ஒதுங்கிக்கொள்ளும். அதன் பிறகு கடைகளின் தரத்தைக் கேட்பார் கிடையாது. அன்றியும், கடைக்காரருக்கு வேண்டிய யந்திரத்தையும் சரக்கையும் தலைமை ஸ்தாபனமே விற்று அதில் லாபம் சம்பாதிக்கும். கடைக்காரர் நஷ்டப்பட்டாலும் ஸ்தாபனத்துக்கு லாபம் வந்துகொண்டிருக்கும். வருமானம் குறைந்தால் சரக்கின் தரத்தைச் சற்றே தாழ்த்திவிடவும் ஆசை பிறக்கும்.

ஆகவே கிராக் வேறு ஏற்பாடு செய்தார். பிரதேசமாக விற்காமல், பெரும்பாலும் ஒரு கடைக்கு ஓர் உரிமை என்று கொடுத்தார். உரிமைக்குத் தொடக்கக் கட்டணம் 950 டாலர்; அதன் பிறகு விற்பனையில் நூற்றுக்கு 1.9 பங்கு. ரொட்டியும் மாமிசமும் கடைக்காரர் வெளியாரிடம் வாங்குவார். தரத்தை மட்டும் கிராக் நிர்ணயிப்பார். பெரிய அளவில் வாங்குவதால் கிடைக்கும் தள்ளுபடி கடைக்காரருக்கே சேரும். சரக்குக் கம்பெனிகள் தலைமைக்குக் கையூட்டாகக் கொடுக்கும் கமிஷனையும் அவர் வாங்க மறுத்தார். கடை நன்றாக விற்றால் மட்டுமே தமக்கு வருமானம் என்று தம் கையைத் தாமே கட்டிக்கொண்டார்.

இவ்வளவு கேட்டவுடன், பழைய உத்தியோகத்து அனுபவம் இருந்தால் போதும், வியாபாரம் வெற்றி என்று சிலர் முடிவு கட்டிவிடலாம். இங்கேதான் கதையின் மறுபாதி இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நேயர்களுக்கு அநியாயம் செய்தவர்களாவோம்.

ஒரு கடை வருஷத்துக்கு இரண்டு லட்சம் டாலருக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 1.9 என்றால் 3,800 டாலர். இதில் விற்பனையில் நூற்றுக்கு அரைப் பங்கு, அதாவது 1,000 டாலர், மெக்டொனால்ட் சகோதரர்களுக்குப் போகவேண்டும் என்பது ஒப்பந்தம். கிராக் கையில் நிற்பது 2,800 டாலர். இந்த 2,800-க்குள் இடம் தேடவேண்டும், ஆட்களைப் பழக்கவேண்டும், தரம் பார்க்க மேற்பார்வையாளர் ஊர் ஊராகப் போகவேண்டும், காரியாலயத்துக்குச் சம்பளம் தரவேண்டும். கட்டுமா? கட்டவில்லை. ஆரம்ப வருஷங்களில் கிராக் தம் கடைத் தொழிலிலிருந்து சம்பளம் எடுத்துக்கொள்ளவில்லை. பழைய மல்டிமிக்ஸர் வியாபாரத்தின் வருமானமே அவர் குடும்பத்துக்கு ஆதாரமாயிருந்தது.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைப் பின்வாசல் அவருக்குக் கற்றுத் தந்தது. லாபம் எங்கே பிறக்கும் என்பதைக் கற்றுத் தரவில்லை. அதைக் கண்டு சொன்னவர் ஹாரி ஸோன்பார்ன் என்பவர். அவரும் ஐஸ்கிரீம் கடை உரிமை கொடுக்கும் ஒரு கம்பெனியில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்தவரே. 1956-ல் அவர் யோசனைப்படி நிலத்துக்காகத் தனிக் கம்பெனி ஒன்று தொடங்கப்பட்டது. கடைக்குரிய நிலத்தையும் கட்டடத்தையும் அந்தக் கம்பெனி குத்தகைக்கு எடுத்துக் கடைக்காரருக்கு உள்வாடகைக்கு விட்டது. குறைந்தபட்ச வாடகை ஒன்று உண்டு. விற்பனையில் ஒரு பங்கும் உண்டு. தொடக்க காலத்தில் அந்தப் பங்கு நூற்றுக்கு 5. இரண்டில் எது அதிகமோ அதைக் கடைக்காரர் கட்டவேண்டும். நமது உதாரணக் கடையில் நூற்றுக்கு 5 என்றால் 10,000 டாலர்! நிலக்காரருக்குக் கொடுக்கும் வாடகை போக மீதி ஸ்தாபனத்துக்கு. கடைக்காரருக்குச் சரக்கு விற்பதில்லை என்ற கொள்கையும் கெடவில்லை. விற்பனை பெருகினால்தான் இருவருக்கும் நன்மை என்ற ஏற்பாடும் கெடவில்லை. 1961-ல் சகோதரர்களின் உரிமை முழுவதையும் 27 லட்சம் டாலருக்கு வாங்கும் அளவுக்குத் தொழில் நிமிர்ந்துவிட்டது.

மற்றொரு விஷயமும் உண்டு. கிராக் ஸான் பெர்னார்டினோவுக்குப் போனது எதற்காக? ஊர்தோறும் இப்படிக் கடை ஏற்பட்டால் கடைக்கு எட்டாக மல்டிமிக்ஸர் விற்கலாமே என்பதுதான் அவருடைய முதல் எண்ணம். பழைய தொழில் ஒருவருக்குக் கண்ணைத் திறந்தும் விடும்; தாம் விற்ற பொருளின் மேலேயே அந்தக் கண்ணைக் கட்டியும் வைக்கும். முன்வாசலில் நின்று வந்தவர்களிடம் அவர் பேச்சுக் கொடுத்திராவிட்டால், யந்திரத்தைப் பார்த்துவிட்டுக் கடையைப் பாராமல் திரும்பியிருப்பார்.

இந்தக் கணக்கை நம் ஊருக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஒருவர் ஹோட்டல்களுக்கு மாவும் ரவையும் கொடுக்கும் மில்லில் பிரதிநிதியாக இருக்கிறார். நாளைக்குச் சொந்தமாகச் சிற்றுண்டிச்சாலை வைக்கும் எண்ணம் அவருக்கு உண்டு. தம் மனக்குறைகளை அவர் ஒரு நோட்டில் எழுதட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விகள்: இந்தச் சிரமத்தால் யாருக்குச் செலவு? எவ்வளவு? வாங்குபவர் எந்த ஒரு வழக்கத்தை மாற்றினால் இது நீங்கும்? உதாரணமாக, ஒரு ஹோட்டல் தினம் பத்து கிலோவாக வாரத்தில் ஆறு நாள் மாவு கேட்கிறது. வண்டி ஒரு நடைக்கு 150 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். வாரத்துக்கு 900 ரூபாய். அதே அறுபது கிலோவை இரண்டு நடையில் இறக்கினால் 300 ரூபாய். மிச்சம் 600, கிலோவுக்குப் பத்து ரூபாய். தம் கடைக்கு வாரம் இரண்டே நடை போதும், இறக்கிய அன்றே பணம் என்று அவர் ஒப்புக்கொண்டால், அந்தப் பத்தில் ஒரு பங்கை மில்லிடம் கேட்க அவருக்கு நியாயமுண்டு.

மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்காத குறைகளை நோட்டிலிருந்து அடித்துவிடவேண்டும். "முதலாளி மரியாதையாகப் பேசவில்லை" என்பது உண்மையான வருத்தந்தான். அதைக் கொண்டு கடை கட்ட முடியாது. விடை கிடைத்த குறைகளுக்கும் மறுபக்கச் செலவு உண்டு. முப்பது கிலோ மாவை வைக்க ஈரமில்லாத இடம் வேண்டும். எலியும் வண்டும் வராமல் காக்கவேண்டும். கைப்பணம் முன்கூட்டியே வேண்டும். இவற்றைக் கழித்த பிறகும் மிச்சம் நிற்கிறதா என்று பார்த்தாலொழியக் கணக்கு முடிந்ததாகாது. அதன் பிறகு சில வாரங்களாவது ஏதேனும் ஒரு ஹோட்டலின் முன்வாசலில் உட்கார்ந்து, யார் எப்போது வருகிறார்கள், எதைக் கேட்டு இல்லையென்று திரும்புகிறார்கள் என்று எண்ணவேண்டும். மாவு விற்றவருக்கு இட்லி தின்பவரைத் தெரியாது.

பழைய முதலாளியிடமிருந்து எதைக் கொண்டுவரலாம் என்ற கேள்வியும் எழும். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஒருவரைச் சட்டபூர்வமான தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. ஆகவே, "வேலையை விட்ட பிறகு இத்தொழிலில் இறங்கமாட்டேன்" என்று கையெழுத்திட்டவரும் பொதுவாக அதற்காக அஞ்சவேண்டியதில்லை. ஆனால் வேலையில் இருக்கும்போதே போட்டிக் கடை நடத்துவதும், முதலாளியின் வாடிக்கைப் பட்டியலையோ ரகசிய விலைக் கணக்கையோ நகலெடுத்துக்கொண்டு போவதும் வேறு விஷயம். அவை கோர்ட்டு வரை இழுக்கும். தலையில் தங்கிய அனுபவம் உங்களுடையது. பீரோவில் இருந்த காகிதம் அவருடையது.

கிராக் கொண்டுபோனதும் அனுபவத்தைத்தான். ரொட்டிப் பெட்டி ஏன் குப்பைக்குப் போகிறது, அடுக்கின் அடிவில்லை ஏன் நசுங்குகிறது, சரக்கு விற்றே சம்பாதிக்கும் ஸ்தாபனம் தன் கடைக்காரரை ஏன் மறந்துவிடுகிறது என்பவற்றை எந்தக் கம்பெனியும் பூட்டி வைத்திருக்கவில்லை. பின்வாசலில் நின்று காத்திருந்தவர்கள் எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால்தான் அவை கிடந்தன. அடுத்த முறை ஹோட்டலுக்குப் போகும் நேயர்கள், பின்புறச் சந்தில் மூட்டையோடு உட்கார்ந்திருப்பவரைச் சற்றுக் கவனித்துப் பார்க்கலாம். அந்த ஹோட்டலில் எங்கே பணம் வீணாகிறது என்று கல்லாவில் இருப்பவரை விட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கலாம்.